காரை நிறுத்திய பிறகும் கமரா ஓட வேணும், விடிய காரும் ஸ்ராட் ஆக வேணும்: பியூஸ் பெட்டியில் வயர் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அண்ணை, சிகரெட் லைட்டர் ஓட்டையிலேயே கமராவைச் செருகி விட்டால் காணாதோ? ஏன் பியூஸ் பெட்டிக்குப் போறியள்?"

எங்கள் பக்கம் ஓடுகிற ஜப்பான் கார்களில் பெரும்பாலானவற்றில் திறப்பை நிறுத்தியதும் அந்த ஓட்டைக்கு மின்சாரம் நின்றுவிடும். கமராவும் அதோடு படுத்துவிடும். நீங்கள் சந்தைக்குள் நிற்கும்போது பின்னால் வந்த லாண்ட்மாஸ்டர் பம்பரைத் தட்டிவிட்டுப் போனால் ஒரு படமும் இராது. சில வாகனங்களில் அந்த ஓட்டை எப்போதும் உயிரோடு இருக்கும். அது இன்னும் மோசம். எப்போது நிறுத்த வேண்டும் என்று கமராவுக்குச் சொல்ல யாரும் இல்லை, பற்றரி வெறுமையாகும் வரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பியூஸ் பெட்டியில் இருந்து எடுக்கும் வயர் கிட்டுக்குள் சின்ன ஒரு பெட்டி இருக்கிறது. அது 12 வோல்றை கமராவுக்கு வேண்டிய 5 வோல்றாக இறக்கும். பற்றரியின் வோல்ற் நீங்கள் வைத்த அளவுக்குக் கீழே போனால் கமராவை வெட்டியும் விடும். இந்த இரண்டாவது வேலைக்காகத்தான் கிட் வாங்குகிறோம்.

"கிட்டிலை மூன்று வயர் வருது. எது எங்கை போகும்?"

கறுப்பு, காரின் உடம்புக்கு. மஞ்சள், எப்போதும் மின்சாரம் இருக்கிற பியூசுக்கு. சிவப்பு, திறப்பைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருகிற பியூசுக்கு. பெரும்பாலான கிட்டில் நிறம் இப்படித்தான். ஆனாலும் வயரில் ஒட்டியிருக்கிற துண்டை ஒருமுறை வாசியுங்கள்.

கமரா சக்தி எடுப்பது மஞ்சளில். சிவப்பு ஒரு தகவல் வயர். அதில் மின்சாரம் இருந்தால் "வாகனம் ஓடுது" என்று கமரா எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் "நிறுத்தியாச்சு" என்று தரிப்பு முறைக்கு மாறும். இரண்டையும் எப்போதும் உயிரோடு இருக்கிற பியூசிலேயே கொழுவி விட்டால், கார் நாள் முழுக்க ஓடுகிறது என்று நினைத்து கமரா முழு வேகத்தில் பதிந்துகொண்டே இருக்கும். இரண்டையும் திறப்புப் பியூசில் கொழுவினால் நிறுத்தியதும் கமரா செத்துவிடும். என்னிடம் திரும்பி வரும் பத்து வாகனத்தில் மூன்று நான்கு இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

"ஒரு இரவு முழுக்க கமரா ஓடினால் பற்றரி எவ்வளவு குறையும்?"

கமரா எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று அளந்தால் மிச்சம் பெருக்கல்தான். முன்னும் பின்னும் இரண்டு கண் உள்ள சாதாரண கமரா, தரிப்பு முறையில் பற்றரியில் இருந்து கிட்டத்தட்ட 0.3 முதல் 0.4 அம்பியர் எடுக்கும். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு 4 அம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் தன் பாட்டுக்கு மணிக்கூடு, அலாரம், கதவுப் பூட்டு என்று எடுப்பது வேறு. நல்ல நிலையில் உள்ள காரில் அது 0.05 அம்பியருக்குள் இருக்கும்.

உங்கள் கமராவை நீங்களே அளக்கலாம். மஞ்சள் வயரின் பியூசைக் கழற்றி, மீற்றரின் சிவப்பு முனையை 10 அம்பியர் துளையில் போட்டு, இரண்டு முனையையும் அந்த இரண்டு வாயிலும் பிடியுங்கள். காரைப் பூட்டி, கமரா தரிப்பு முறைக்குப் போன பிறகு காட்டுகிற எண்தான் உண்மை. முடிந்ததும் மீற்றரின் சிவப்பு முனையை மறக்காமல் வோல்ற் துளைக்கு மாற்றி விடுங்கள். அம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்ததாகப் பற்றரியில் வோல்ற் பார்க்கப் போனால் அது நேரே ஷோர்ட்.

"11.8 வோல்றிலை வெட்டுற மாதிரி வைச்சனான். கிட் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனாலும் ஐந்தாம் நாள் விடிய கார் ஸ்ராட் ஆகேல்லை. ஏன்?"

இதைக் கேட்டவர் கிளிநொச்சி ரவுணில் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் அக்கா. டொயோட்டா அக்ஸியோ. கிட்டில் பிழை, மாற்றித் தாருங்கள் என்று வந்தார். கிட்டில் பிழை இல்லை. அவருடைய கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டியதை அப்படியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் வன்னியில் ரவுணுக்குள் மட்டும் ஓடுகிற எல்லாருக்கும் இதே கணக்குத்தான்.

அவருடைய பற்றரி புதிதில் 45 அம்பியர்-மணி. நான்கு வருடம் எங்கள் வெயிலில் நின்ற பற்றரிக்கு நான் 30 என்று வைத்துத்தான் கணக்குப் பார்ப்பேன். கமரா 0.35 அம்பியர் இழுத்தது. வீட்டில் இரவு 12 மணித்தியாலம், பாடசாலை வளவில் பகலில் 6 மணித்தியாலம், மொத்தம் 18. அது 6.3 அம்பியர்-மணி. காரின் சொந்தச் செலவு ஏறத்தாழ 0.7. ஆக ஒரு நாளைக்கு வெளியே போவது 7.

உள்ளே வருவது எவ்வளவு? வீட்டில் இருந்து பாடசாலைக்கு 4 கிலோமீற்றர். போக 10 நிமிடம், வர 10 நிமிடம். அந்த 20 நிமிடத்தில் அவ்வளவாகப் பற்றரி நிரம்பாது. ஏசி, விளக்கு எல்லாம் போக, பற்றரிக்கு சராசரி 6 அம்பியர் போனது என்று வைத்தாலும் 2 அம்பியர்-மணிதான் திரும்பி வரும்.

7 போகிறது, 2 வருகிறது. ஒவ்வொரு நாளும் 5 குறைகிறது. திங்கட்கிழமை நிரம்பிய பற்றரியோடு தொடங்கினால் மூன்றாம் நாள் பாதி. நான்காம் நாள் முடிய மிச்சம் 10. அந்த நேரத்தில் பற்றரி 12 வோல்றுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். 11.8 இன்னும் வரவில்லை, அதனால் கிட் வெட்டவில்லை, சொன்னபடிதான் நடந்தது. ஆனால் வயசான பற்றரி 12 வோல்றில் நிற்கும்போது ஸ்ராட்டர் மோட்டருக்குக் கொடுக்க அதனிடம் பலம் இல்லை. திறப்பைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான்.

வெட்டும் வோல்ற் கடைசி வேலி மட்டும். அது ஒரு இரவில் முழுதாக வெறுமையாவதைத் தடுக்கும். நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை அது பார்க்காது. பாதிக்குக் கீழேயே நாள்கணக்கில் நிற்கிற ஈயப் பற்றரியின் தகட்டில் சல்பேற் இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

அக்காவுக்குச் செய்தது இதுதான். பாடசாலைக்குள் வாயிற்காவலர் இருக்கிறார், அதனால் பகலில் கமரா தேவையில்லை என்று அவரே சொன்னார். திறப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் வயரில் ஒரு சுவிட்ச் வைத்தேன். இரவில் கமராவை நொடிக்கு ஒரு படம் எடுக்கிற முறைக்கு மாற்றி, பின்கண்ணையும் நிறுத்தினோம். இழுவை 0.2 அம்பியருக்கு இறங்கியது. கமராவின் மெனுவில் தரிப்புப் பதிவு 6 மணித்தியாலத்தில் தானாக நிற்கும்படி வைத்தோம். இப்போது கமரா 1.2, காரின் செலவு 0.7, மொத்தம் 1.9. வருவது 2. வெட்டும் வோல்றையும் 12.4 ஆக உயர்த்தினோம். கடைசியாக, பற்றரியை ஒரு இரவு முழுக்க வீட்டுச் சார்ஜரில் போட்டு நிரப்பிய பிறகுதான் காரைக் கொடுத்தேன். அடியில் இருந்து தொடங்கினால் எந்தக் கணக்கும் சரிவராது.

"அப்ப நான் எந்த வோல்றிலை வைக்கிறது?"

இளைப்பாறி நிற்கிற 12 வோல்ற் ஈயப் பற்றரி 12.6 க்கு மேலே காட்டினால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. சாதாரண காருக்கு நான் 12.2 வைப்பேன். பற்றரி மூன்று வருடம் தாண்டியிருந்தால், அல்லது காரை அடிக்கடி எடுப்பதில்லை என்றால் 12.4. கடையில் பெட்டி பிரித்தபடி வருகிற 11.8, 11.6 எல்லாம் மணிக்கணக்கைக் கூட்டிக் காட்டத்தான் உதவும். எங்கள் ஊரில் நடுச்சாமத்தில் மாங்குளம் காட்டுப் பக்கம் கார் நின்றால் தள்ளிவிட ஆள் தேட வேண்டும், ஓட்டோ கியர் கார் என்றால் தள்ளியும் பயனில்லை.

ஓடி வந்து நிறுத்திய கையோடு அளக்காதீர்கள். சார்ஜ் ஏறிய சூட்டில் 12.8, 12.9 என்று பொய்யாகக் காட்டும். விடிய, எதையும் போட முன்னம் பொனற்றைத் திறந்து பற்றரியின் முனைகளிலேயே அளவுங்கள்.

"எந்தப் பியூஸ் எடுக்கிறது? மூடியிலை இருக்கிறது எல்லாம் எழுத்தும் இலக்கமுமாக் கிடக்கு."

மஞ்சளுக்கு உள்விளக்கு அல்லது ஹசார்ட் விளக்கின் பியூசில் தொடங்கிப் பாருங்கள். சிவப்புக்கு ரேடியோ அல்லது சிகரெட் லைட்டரின் பியூஸ். எயார்பாக், பிரேக், ஸ்ரேறிங், எஞ்சின் மூளை ஆகியவற்றின் பியூசில் கை வைக்கவே கூடாது. மூடியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். ஜப்பானில் இருந்து வந்த காரில் இல்லாத வசதிக்கும் பியூஸ் இடம் இருக்கும், முன்பு வைத்திருந்தவர் எதையாவது மாற்றியும் இருப்பார்.

மீற்றரை வோல்றில் வைத்து, கறுப்பு முனையை நல்ல இரும்பில் பிடித்துக்கொண்டு, பியூசின் மேல்முதுகில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளியிலும் சிவப்பு முனையால் தொடுங்கள். பியூசைக் கழற்றத் தேவையில்லை. திறப்பு இல்லாமலும் 12 வோல்ற் இருந்தால் அது மஞ்சளுக்கு. திறப்போடு வந்து, நிறுத்தியதும் போனால் அது சிவப்புக்கு.

மஞ்சளுக்கு எடுத்ததை இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். காரைப் பூட்டிவிட்டு அரை மணித்தியாலம் கழித்து அளவுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"எனக்கு கமரா பூட்டினாப் பிறகு இருபது நிமிசம் மட்டும் பதியுது, பிறகு நிக்குது. பற்றரி புதுசு. கிட் வெட்டுதோ?"

வெட்டவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் நின்றால் அது காரின் வேலை. புதுக் கார்களில் பூட்டிக் கொஞ்ச நேரத்தில் உள்விளக்கு போன்றவற்றின் மின்சாரத்தைக் கார் தானே நிறுத்திவிடும், யாராவது விளக்கை அணைக்க மறந்தால் பற்றரி காப்பாற்றப்படுவதற்காக. மஞ்சளை அப்படி ஒரு பியூசில் கொழுவியிருக்கிறீர்கள். ஹசார்ட் பியூசுக்கு மாற்றி, மீண்டும் அரை மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள்.

கிட் வெட்டுகிறது என்றால் நேரம் மாறி மாறி வரும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கூட நேரமும், ரவுணுக்குள் சுற்றிய நாளில் குறைந்த நேரமும் பதியும்.

"பியூசின் காலிலை வயரைச் சுற்றி அப்படியே திருப்பிச் செருகினால் என்ன?"

செய்ய வேண்டாம். வயர் தடிப்பில் பியூசின் வாய் விரிந்துவிடும், பிறகு அந்த இடம் தளர்ந்து சூடாகும். அதைவிட, கமரா வயர் எங்காவது உரசி ஷோர்ட் ஆனால் அதற்கென்று தனிக் காவல் இல்லை.

கடையில் பியூஸ் டப் என்று கேளுங்கள். ஒரு பியூஸ் இருந்த இடத்தில் இரண்டு பியூஸ் உட்காருகிற கொழுக்கி அது. காலுக்குக் கிட்ட இருக்கிற வாயில் காரின் பழைய பியூசை அதே அம்பியரில் போடுங்கள், மேல் வாயில் கமராவுக்கு 2 அல்லது 3 அம்பியர். பியூசின் அளவு காருக்குக் கார் மாறும். கால் குட்டையான சின்னப் பியூசும் உண்டு, கால் நீண்ட சின்னப் பியூசும் உண்டு. ஒன்றைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

அந்தக் கொழுக்கிக்குத் திசை இருக்கிறது, இதைப் பலரும் பார்ப்பதில்லை. கழற்றிய பியூஸ் வாயின் இரண்டு பக்கத்தில் பற்றரிப் பக்கம் எது என்று மீற்றர் சொல்லும், 12 வோல்ற் காட்டுகிற பக்கம் அதுதான். கொழுக்கியின் எந்தக் கால் அங்கே போக வேண்டும் என்று அறிய, மேல் வாயில் மட்டும் பியூசைப் போட்டு, வயரின் முனைக்கும் ஒவ்வொரு காலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீற்றரின் சத்தத்தில் பாருங்கள். சத்தம் வருகிற கால் பற்றரிப் பக்கம் போக வேண்டும். மாறிச் செருகினாலும் கமரா வேலை செய்யும், அதனால்தான் பிழை தெரிவதில்லை. ஆனால் கமராவின் மின்சாரமும் காரின் பழைய பியூசுக்குள்ளாலேயே போகும். அந்தப் பியூஸ் போனால் கமராவும் சேர்ந்து போகும்.

"கறுப்பு வயரை டாஷ்போர்ட்டுக்குக் கீழை கிடந்த ஆணியிலை இறுக்கினன். கமரா அடிக்கடி தானா நிண்டு நிண்டு வருது."

அந்த ஆணி பிளாஸ்ரிக்கையோ பெயின்ற் பூசிய தகட்டையோதான் பிடித்திருக்கும். காரின் உடம்பு இரும்பில் நேரே போகிற ஆணி வேண்டும். மீற்றரில் ஓம் அளவில் அந்த ஆணிக்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையே பாருங்கள், ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். பெயின்ற் இருந்தால் கறுப்பு வயர் முனையின் வட்டக் கண் படுகிற அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள்.

இது வெறும் நிண்டு நிண்டு வருகிற பிரச்சினை மட்டும் இல்லை. கறுப்பு வயரின் இந்த நிலப்பிடி தளர்வாக இருந்தால் பற்றரியில் 12.5 இருக்கும்போதும் கிட்டுக்கு 12.1 தான் தெரியும், நேரத்துக்கு முன்பே வெட்டிவிடும். கிட்டின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே ஒருமுறை, பற்றரியில் ஒருமுறை என்று கமரா ஓடும்போது அளந்து பாருங்கள். இரண்டும் 0.1 வோல்றுக்குள் பொருந்த வேண்டும்.

"வயரை முன் தூணுக்குள்ளாலை இழுக்கலாமோ?"

இழுக்கலாம். ஆனால் தூணின் உறைக்குள் எயார்பாக் இருந்தால் வயர் அதன் பின்னால் போக வேண்டும், முன்னால் குறுக்கே கிடக்கக் கூடாது. விரியும்போது வயரையும் உறையையும் முகத்தில் அடிக்கும். மிஞ்சிய வயரைச் சுருட்டி, பிரேக் மிதிக்கு மேலே தொங்காத இடத்தில் கட்டுங்கள்.

"எங்கடை அக்வா ஹைபிரிட். பெரிய பற்றரி இருக்குத்தானே, அப்ப பயம் இல்லையோ?"

பெரிய பற்றரியில் இருந்து கமராவுக்கு ஒன்றும் வராது. கமரா எடுப்பது பின்சீற்றுப் பக்கம் இருக்கிற சின்ன 12 வோல்ற் பற்றரியில். அதற்கு எஞ்சினைச் சுழற்றுகிற வேலை இல்லை, அதனால் அது சின்னதாகவே வருகிறது. ஆனால் அது விழுந்தால் காரின் கணினி விழிக்காது, கார் ரெடி நிலைக்கு வராது. பெரிய பற்றரி நிரம்பியிருந்தும் கார் அசையாது. ஹைபிரிட்டுக்கு 12.4 வையுங்கள். ரெடி நிலையில் நிற்கும்போது எஞ்சின் ஓடாவிட்டாலும் சின்னப் பற்றரி நிரம்பும், அது நல்ல விஷயம்.

"ஸ்ரேசனிலை காரை விட்டிட்டு யாழ்தேவியிலை கொழும்புக்குப் போய் மூன்று நாள் கழிச்சு வருவன். கமரா நிக்காமல் ஓடுமோ?"

இரண்டு கண்ணும் 0.35 இல் ஓடினால் 72 மணித்தியாலத்துக்கு 25 அம்பியர்-மணி. நல்ல 45 பற்றரியிலும் அது பாதிக்கு மேல். 12.2 இல் வெட்ட வைத்தால் மூன்றாம் நாள் எங்கோ கமரா நிற்கும், கார் ஸ்ராட் ஆகும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள், மூன்றாம் நாளையும் பிடிக்க வேண்டும் என்று வோல்றை இறக்காதீர்கள்.

இல்லாவிட்டால் தட்டினால் மட்டும் விழிக்கிற முறை உங்கள் கமராவில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நேரம் மிகக் குறைவாகவே இழுக்கும். அது விழிக்க ஓரிரு நொடி எடுக்கும், தட்டிய கணம் படத்தில் வராமல் போகலாம், விலகிப் போகிற வாகனம் வரும். அசைவைக் கண்டு பதிகிற முறையை இதற்கு நம்ப வேண்டாம். கச்சான் காற்றில் ஒரு வேப்பங்கொப்பு ஆடினாலும், மாடு ஒன்று முன்னால் படுத்து அசை போட்டாலும் இரவிரவாகப் பதிந்துகொண்டே இருக்கும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் ஒரு இரவு நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. முல்லைத்தீவு வரை ஓடிய ஓட்டத்தில் பற்றரி நன்றாக ஏறியிருக்கும், 12 மணித்தியாலம் தாராளமாகத் தாங்கும்.

"வெயிலுக்கை நிண்டால் கமரா வெடிக்குமோ?"

உள்ளே லிதியம் பற்றரி வைத்த மலிவுக் கமரா ஊதிப் பெருக்கும், கண்ணாடியில் இருந்து கழன்று விழும். எங்கள் சித்திரை வெயிலுக்குக் கபாசிற்றர் வைத்த கமராவைத் தவிர வேறொன்றையும் நான் பொருத்துவதில்லை. கிட்டின் பெட்டியையும் முன்கண்ணாடிக்குக் கீழே வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள், பியூஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிவிடுங்கள்.

"லொறிக்கும் இதே கிட் சரியோ?"

24 வோல்ற் என்று கிட்டில் எழுதியிருந்தால் சரி. வெட்டும் அளவும் இரட்டிப்பாகும், 12.2 இருந்த இடத்தில் 24.4. இரண்டு பற்றரியில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ற் எடுத்துக் கமராவுக்குக் கொடுக்கிற வேலையைச் செய்ய விடாதீர்கள். ஒன்று இறங்கி மற்றது மிஞ்சி ஏறி, ஆறு மாதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டி வந்த லொறிகளை நான் கண்டிருக்கிறேன்.